தேயாமல் தேயும் ஷூ

1986-ல் மதுரையில் எட்டாம் வகுப்பு படித்தபோது ஓட்டப் பயிற்சிக்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளை கேன்வாஸ் ஷூ. வெள்ளிக்கிழமை இரவு கழுவி, சாக்பீஸ் தடவிக் காயவைத்தால் சனிக்கிழமை காலை புதிதுபோல இருக்கும். அடியில் ஒரு தட்டு ரப்பர், அவ்வளவுதான். அந்த ரப்பருக்கும் பாதத்துக்கும் நடுவே மெல்லிய துணி ஒன்று ஒட்டியிருந்தது. குஷன் என்ற சொல்லை நாங்கள் சோபாவுக்கு மட்டும்தான் பயன்படுத்தினோம்.

அந்த ஷூ முடிந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க எந்த அறிவும் தேவைப்படவில்லை. முதலில் குதிகாலின் வெளிப்பக்கத்தில் வரிகள் மழுங்கும். பிறகு அந்த இடம் வழுவழுப்பாகும். பிறகு துணி எட்டிப் பார்க்கும். ஒருநாள் தார்ச்சாலையின் சூடு நேராகக் காலில் சுடும். அன்றைக்கு ஷூ முடிந்தது. அப்போதும் தூக்கிப் போட மாட்டோம். தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவர் சைக்கிள் டயரை அளவு பார்த்து வெட்டி, பசை தடவி, சின்ன ஆணி நான்கு அடித்துக் கொடுப்பார். "இன்னும் ஆறு மாசம் ஓடும் தம்பி" என்பார். ஆறு மாதம் ஓடியது. ஷூவின் ஆயுள் அதன் அடி ரப்பரில் இருந்தது. அடி ரப்பர் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்று என் கட்டிலுக்கு அடியில் ஒரு ஷூ கிடக்கிறது. அடி ரப்பரில் வரிகள் அப்படியே இருக்கின்றன. மேல்துணியில் ஒரு தையல் பிரியவில்லை. அதில் 690 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன் என்று ஸ்ட்ராவா கணக்குச் சொல்கிறது. அதை இனி ஓட்டத்துக்குப் போடுவதில்லை என்று முடிவெடுக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்தப் பெரியவரிடம் கொண்டுபோயிருந்தால், இதில் என்ன குறை என்று திருப்பிக் கொடுத்திருப்பார்.

மாறியது இதனால்தான். 1970களின் நடுவில் அமெரிக்காவில் ப்ரூக்ஸ் நிறுவனத்தின் வில்லனோவா என்ற ஓட்ட ஷூவில் அடி ரப்பருக்கும் பாதத்துக்கும் இடையே ஈவிஏ என்ற நுரைப்பொருள் வந்து உட்கார்ந்தது. எடை குறைவு, விலை குறைவு, அடியை வாங்கிக்கொள்ளும் தன்மை அதிகம். சில ஆண்டுகளில் பெரும்பாலான நிறுவனங்கள் அதற்கு மாறின. இந்த நடு அடுக்குக்குத்தான் மிட்சோல் என்று பெயர். அன்றிலிருந்து ஷூவின் ஆயுள் ரப்பரை விட்டு நுரைக்குள் போய்விட்டது.

அந்த நுரை எப்படிச் சாகிறது என்று தெரிய ஆய்வகம் போக வேண்டாம். வீட்டு வாசலில் கிடக்கும் ஹவாய் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒரு வருடம் போட்ட செருப்பில் குதிகால் பதியும் இடம் மட்டும் குழிந்திருக்கும். ஓரத்தில் இருக்கும் தடிமன் அங்கே இருக்காது. அந்தக் குழிக்கும் தேய்மானத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அங்கே நுரை அமுங்கி, அமுங்கி, எழ முடியாமல் படுத்துவிட்டது. மிட்சோலுக்குள் நடப்பதும் இதுவே. அதில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான குமிழறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் அடைபட்ட வாயு. கால் விழும்போது அறை நசுங்குகிறது, எடுக்கும்போது எழுகிறது. எழும் ஒவ்வொரு தடவையும் முழுதாக எழுவதில்லை. அறைச்சுவர் சுருங்கி மடிகிறது, சில இடங்களில் கிழிகிறது, வாயு மெல்ல வெளியேறுகிறது.

எத்தனை தடவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்ற என் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி, ஒரு காலுக்கு ஐந்நூறு. 500 கிலோமீட்டரில் ஒரு ஷூ இரண்டரை லட்சம் முறை மிதிபடுகிறது. ஓடும்போது ஒவ்வொரு மிதியும் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எனக்கு எடை 74 கிலோ.

இனி, எல்லா ஓட்டக்காரர்களும் மந்திரம்போலச் சொல்லும் அந்த எண்ணுக்கு வருவோம். 300 முதல் 500 மைல், நம் கணக்கில் 480 முதல் 800 கிலோமீட்டர் ஓடினால் ஷூவை மாற்ற வேண்டும். கடைக்காரர் சொல்வார், ஓட்டக் குழுவில் சீனியர் சொல்வார், கைக்கடிகாரம்கூட மணியடித்துச் சொல்லும். இதற்கு ஆதாரம் கேட்டால் அடிக்கடி சுட்டப்படுவது 1985-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. நியூ ஆர்லியன்ஸில் டுலேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் குக் குழுவினர் செய்தது. ஓட்ட ஷூக்களை ஒரு கருவியில் மாட்டி, மனிதக் கால் மிதிப்பதுபோல இடைவிடாமல் மிதிக்கவைத்து, அதிர்ச்சி தாங்கும் திறன் எவ்வளவு மிச்சம் என்று அளந்தார்கள். 50 மைலில் ஏறத்தாழ 75 சதவீதம் மிச்சம். 100 முதல் 150 மைலில் 67 சதவீதம். 250 முதல் 500 மைலுக்குள் 60 சதவீதத்துக்கும் கீழே.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து பலரும் இங்கே பார்ப்பது கடைசி எண்ணை மட்டும்தான். இழப்பில் பெரும்பங்கு நடப்பது முடிவில் அல்ல, ஆரம்பத்தில். முதல் 80 கிலோமீட்டரிலேயே கால் பங்கு போய்விடுகிறது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இறக்கம் மெதுவாக, சரிவு நிலம்போலப் போகிறது. 500-ல் திடீரென்று ஒரு பள்ளம் எங்கும் இல்லை. நேற்றுவரை நன்றாக இருந்து இன்று காலை செத்துப்போன ஷூ என்று ஒன்று கிடையாது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. கருவியில் மாட்டாமல் மனிதர்களே அணிந்து ஓடிய ஷூக்களையும் அவர்கள் அளந்தார்கள். அவற்றில் 500 மைலுக்குப் பிறகும் ஏறத்தாழ 70 சதவீதம் மிச்சமிருந்தது. கருவி இடைவெளி விடாமல் மிதித்தது. மனிதன் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு ஷூவை மறுநாள் காலைவரை மூலையில் போட்டுவைக்கிறான், நுரைக்கு எழுந்துகொள்ள நேரம் கிடைக்கிறது. இவ்வளவு நுணுக்கமும் கழன்றுபோய், நாற்பது வருடமாக நம்மிடம் மிச்சமிருப்பது ஒரு மைல் எண்.

அந்த எண்ணை நான் குப்பை என்று சொல்லவில்லை. 2004-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் வெர்டெஹோ, மில்ஸ் என்ற இருவர் ஈவிஏ ஷூக்களை ஓடவிட்டுப் பாதத்தின் அடியில் விழும் அழுத்தத்தை அளந்தபோது, 500 கிலோமீட்டருக்குப் பிறகு அதன் உச்சம் சராசரியாக இரட்டிப்பாகியிருந்தது. 750 கிலோமீட்டர் ஓடிய நுரையை மின்னணு நுண்ணோக்கியில் வைத்தபோது அறைச்சுவர்கள் மடிந்தும் அங்கங்கே ஓட்டை விழுந்தும் கிடந்தன. ஆக நுரை கெடுவது உண்மை.

பிறகு ஏன் நமக்குத் தெரிவதில்லை? இதற்கு 2009-ல் வந்த வேறோர் ஆய்வு பதில் வைத்திருக்கிறது. 24 பேரைப் புது ஷூவில் ஓடவைத்து அளந்தார்கள். அதே ஷூவில் 200 மைல் ஓடிய பிறகு மறுபடி அளந்தார்கள். தரையிலிருந்து உடலுக்கு வரும் விசையில் மாற்றம் இல்லை. ஆனால் கால் தரையில் நிற்கும் நேரம் கூடியிருந்தது, மூட்டுகளின் அசைவு கொஞ்சம் மாறியிருந்தது. ஷூ விட்டுக்கொடுத்ததை உடல் ஈடுகட்டிவிட்டது. தினமும் பார்க்கும் பிள்ளை வளர்வது தாய்க்குத் தெரியாது, ஊரிலிருந்து வரும் அத்தைதான் சொல்வாள். ஷூ விஷயத்தில் அந்த அத்தை வேலையை யாராவது செய்தாக வேண்டும்.

என் விஷயத்தில் அந்த அத்தை, அதே மாடலில் இன்னொரு ஜோடி. பழைய ஷூ 400 கிலோமீட்டரைத் தொட்ட சமயம் தள்ளுபடியில் கிடைத்தது என்று வாங்கிப் பெட்டியோடு வைத்திருந்தேன். 650-ஐத் தாண்டிய பிறகு இடதுகால் முழங்காலுக்குக் கீழே, உள்பக்க எலும்பை ஒட்டி ஒரு வலி. ஓட ஆரம்பித்தால் மறையும், இரவில் திரும்பும். ஷூதான் காரணம் என்று முடிவுகட்ட ஆசையாக இருந்தது. ஆனால் அதே மாதத்தில்தான் வாரத்துக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 45-க்குப் போயிருந்தேன். குற்றவாளிகள் இருவர். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஜோடியையும் சாப்பாட்டு மேசையில் வைத்து விசாரணையில் இறங்கினேன். வீட்டில் கிடைத்த மரியாதையை இங்கே எழுத வேண்டாம்.

முதலில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். எல்லோரும் செய்வது இது, இதைவிட ஏமாற்றும் சோதனை வேறு இல்லை. விரல் கொடுக்கும் அழுத்தம் சில கிலோ. ஓட்டத்தில் ஷூ வாங்குவது நூற்றைம்பது கிலோவுக்கும் மேல். விரலுக்கு மெத்தென்று இருக்கும் நுரை காலுக்கு அடியில் முழுதாகப் படுத்துவிடலாம். போதாததற்கு ஈவிஏ வெயிலில் இளகும், குளிரில் இறுகும். மதியம் அமுக்கினால் நல்ல ஷூ, மார்கழி விடியலில் அமுக்கினால் கெட்ட ஷூ.

பக்கச் சுவர்தான் பேசியது. மிட்சோலின் ஓரத்தில், குதிகாலுக்குக் கீழே கிடைமட்டமாக மெல்லிய சுருக்கங்கள் ஓடின. மிதிக்கும்போது சுருக்கம் விழுவது இயற்கை, புது ஷூவிலும் விழும். பார்க்க வேண்டியது, எடை எதுவும் இல்லாமல் இரண்டு நாள் சும்மா கிடந்த பிறகும் அந்தக் கோடு நிற்கிறதா என்பதை. என் பழைய ஷூவில் நின்றது. அடுத்துப் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து, அடி ரப்பர் முடியும் இடத்திலிருந்து மேல்துணி தொடங்கும் கோடுவரை அளந்தேன். புதியதில் 29 மில்லிமீட்டர். பழைய வலதில் 28. பழைய இடதின் உள்பக்கத்தில் 26-க்குச் சற்று மேல். பின்னாலிருந்து கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தபோது இடது ஷூ உள்பக்கமாகச் சாய்ந்து நின்றது. வலி இருந்த கால் அதுதான். அடி ரப்பரைப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. அங்கே தேய்ந்திருந்தது வெளிப்பக்க ஓரம், அதுவும் மேலோட்டமாக. ரப்பரின் தேய்மானம் கால் எங்கே தரையைத் தொடுகிறது என்று சொல்கிறது. எடை எங்கே இறங்கி உட்கார்கிறது என்று சொல்வது நுரை.

கடைசியில் கால்மாற்றிப் பார்ப்பது. இடதில் பழையது, வலதில் புதியது போட்டுக்கொண்டு தரையில் ஒற்றைக்காலில் மாறி மாறி நின்றேன். பிறகு இடதில் புதியது, வலதில் பழையது. இந்த இரண்டாம் சுற்று முக்கியம், இல்லாவிட்டால் கால்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தை ஷூவின் கணக்கில் எழுதிவிடுவோம். வித்தியாசம் ஏணி வைத்தாலும் எட்டாத அளவுக்கு இருந்தது. புதியதில் குதிகால் மிதந்தது, பழையதில் தட்டென்று நின்றது. பழையதைத் தூக்கி எறியலாம் என்று அன்றே தோன்றியது.

அங்கேதான் குக் குழுவினரின் எண் நினைவுக்கு வந்தது. பெட்டியிலிருந்து எடுத்த ஷூ முதல் 80 கிலோமீட்டரில் இழக்கப்போகும் கால் பங்கை இன்னும் இழக்கவில்லை. அதோடு ஒப்பிட்டால் 200 கிலோமீட்டர் ஓடிய நல்ல ஷூகூடத் தோற்றுவிடும். கடையில் புது ஷூ போட்டு நடந்தவுடன் பழையதன்மேல் நமக்கு வரும் வெறுப்பில் பாதி இந்த மயக்கம்தான், வியாபாரம் நடப்பதும் அதில்தான். அதனால் புதியதைக் குறுகிய ஓட்டங்களில் போட்டு 80 கிலோமீட்டர் பழக்கினேன். மூன்று வாரம் ஆயிற்று. வார தூரத்தையும் 30-க்கு இறக்கியிருந்தேன். பிறகு திருவான்மியூரிலிருந்து பெசன்ட் நகர் பக்கம் ஒரே பாதையில், ஒரே வேகத்தில், இரண்டு கிலோமீட்டர் பழையது, இரண்டு கிலோமீட்டர் புதியது. மேசையில் தெரிந்த அளவு வித்தியாசம் இல்லை. ஆனால் இருந்தது. பழையதில் இடது கால் விழும் சத்தம் வலதைவிடக் கனமாகக் கேட்டது. அன்று இரவு எலும்பு ஓரத்தில் அந்தப் பழைய வலி லேசாகத் தலைகாட்டியது. புதியதில் மட்டும் ஓடிய வாரங்களில் வரவில்லை. தீர்ப்பு: ஷூ முழுக் குற்றவாளி அல்ல, இடது ஷூ உடந்தை. என் எடைக்கும் என் காலுக்கும் அந்த மாடலின் எல்லை சுமார் 600. அடுத்த வீட்டுக்காரர் 55 கிலோ, அவருக்கு அதே ஷூ ஆயிரம் ஓடினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஈவிஏ காலத்திலாவது ஓரளவு பொது எண் சொல்ல முடிந்தது. இப்போது அதுவும் கலைந்துவிட்டது. 2013-ல் அடிடாஸ், டிபியு என்ற பொருளைப் பொரிபோல உப்பவைத்து ஒட்டிய பூஸ்ட் நுரையைக் கொண்டுவந்தது. கொஞ்சம் கனம், ஆனால் ஈவிஏ அளவுக்குச் சீக்கிரம் படுக்காது. 2017-ல் நைக்கியின் வேப்பர்ஃப்ளை வந்தபோது பீபா என்ற வகை நுரை, நடுவில் கார்பன் தட்டோடு, போட்டி ஷூக்களின் முகத்தையே மாற்றியது. எடை மிகக் குறைவு, மிதித்ததைத் திருப்பித் தரும் துள்ளல் மிக அதிகம். இந்தத் துள்ளலின் ஆயுளைச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். பீபா ஷூவையும் ஈவிஏ ஷூவையும் 450 கிலோமீட்டர் ஓடவிட்டு, ஓடுபவர் செலவிடும் ஆற்றலை அளந்தார்கள். புதிதில் பீபா தெளிவாக முன்னால் நின்றது. 450-க்குப் பிறகு அந்த முந்துதல் காணாமல் போயிருந்தது. ஈவிஏ இருந்த இடத்திலேயே இருந்தது. அதிகப் பணம் கொடுத்து வாங்கியது முதலில் தீர்ந்துபோயிற்று.

இதன் உச்சம் 2023. டிகிஸ்ட் அசெஃபா பெர்லினில் 2 மணி 11 நிமிடம் 53 நொடியில் மாரத்தான் ஓடி உலக சாதனை படைத்தபோது காலில் இருந்த அடிடாஸ் ஷூ 138 கிராம். விலை 500 டாலர். பழகிக்கொள்ளும் நேரமும் ஒரே ஒரு மாரத்தானும், அதற்குத்தான் இந்த ஷூ என்று நிறுவனமே சொல்லி விற்றது. டயர் ஒட்டி ஆணியடித்த ஊரிலிருந்து வந்தவனுக்கு அதைப் படித்தபோது நெஞ்சு கொஞ்சம் அடைத்தது.

ஆக இந்த வகைப் போட்டி ஷூக்களில் இரண்டு சாவு உண்டு. துள்ளல் முதலில் போகும், குஷன் பிறகு போகும். துள்ளல் போனதைக் கால் சொல்லாது, கடிகாரம் சொல்லும். வழக்கமான பாதையில் அதே மூச்சிரைப்புக்கு வேகம் குறைந்துகொண்டே வந்தால், தூக்கமும் வெயிலும் காரணமில்லை என்றால், போட்டிக்கு அது முடிந்தது. பயிற்சிக்கு இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஓடாமலே சாகும் ஷூவும் உண்டு. 1990களில் அமெரிக்காவிலிருந்து சித்தப்பா மகன் கொண்டுவந்து கொடுத்த ஷூவை, நல்ல நாளுக்கு என்று பீரோவுக்கு மேல் பெட்டியில் வைத்திருந்தேன். எட்டு வருடம் கழித்து ஒரு பந்தயத்துக்கு எடுத்துப் போட்டேன். இரண்டாவது கிலோமீட்டரில் குதிகால் பொலபொலவென்று உதிர்ந்தது. பழைய வெல்லக்கட்டி போலப் பொடிப்பொடியாக நடைபாதையில் விழுந்தது. அது பாலியூரித்தேன் நுரை. அந்தக் காலத்தில் ஈவிஏவைவிட நீடித்து உழைக்கும் என்று போடப்பட்டது. காற்றில் உள்ள ஈரம் அதன் பிணைப்பை மெல்ல மெல்ல அறுத்துவிடும். கடலோர ஊரில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் கேட்கவே வேண்டாம். ஈவிஏ அப்படி உதிராது, ஆனால் அதற்கு எதிரி சூடு. கழுவிய ஷூவை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டு, அது சுருங்கி ஒரு நம்பர் சின்னதாகத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் ஷூவை வைப்பவர்கள் ஓடாமலே அதன் ஆயுளைத் தின்கிறார்கள். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, மின்விசிறிக்குக் கீழே நிழலில் காயவிடுங்கள்.

இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், வெவ்வேறு ஷூக்களை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் போட்டது வேறு வேறு மாடல்கள், அதனால் சுமை விழும் விதம் மாறியது காரணமாக இருக்கலாம். என் காரணம் அதைவிடச் சாதாரணமானது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஷூ எப்போதும் கையில் இருக்கிறது. நிறுவனங்கள் அதே பெயரில் வருடா வருடம் நுரையை மாற்றிவிடுவதால், பழையது முழுதாகப் போன பிறகு ஒப்பிட அதே ஷூ கடையில் கிடைக்காது.

690 கிலோமீட்டர் ஷூவை இப்போது எங்கள் அடுக்குமாடியின் வாட்ச்மேன் அண்ணன் கேட்டிருக்கிறார். "நல்லாத்தானே சார் இருக்கு, ஏன் போடுறதில்ல?" என்றார். நடக்க அது இன்னும் ஒரு வருடம் தாங்கும். நடக்கும்போது விழும் சுமை ஓட்டத்தில் விழுவதில் பாதிதான். இடது ஷூ சாய்ந்திருப்பதை மட்டும் சொல்லிவிட்டு நாளை கொடுக்கப்போகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஷூ வாங்கியதும் பெட்டியைத் தூக்கிப் போடுவதற்குள் ஸ்கேலை எடுத்துக் குதிகால் பக்கம் நான்கு இடத்தில் உயரத்தை அளந்து, அந்த எண்களையும் வாங்கிய தேதியையும் ஷூ நாக்கின் உள்பக்கம் பேனாவால் எழுதிவிடுங்கள்.